மூளைக்குள் எந்த மருந்து போகும், எது வெளியே நிற்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக நிற்கிறேன். கவுண்டரில் கேட்கப்படும் கேள்விகளில் நிறையப் பேருடையது கடைசியில் ஒரே விஷயத்தில் வந்து நிற்கும்: விழுங்கின மருந்து மூளைக்குள் போகுதா, இல்லையா? கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தந்திருக்கிறேன். உங்கள் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவதென்றால் மட்டும் டொக்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

தடிமனுக்குப் பிரிட்டோன் போட்டால் கண்ணைச் சொருகுது. செட்டிரிசினுக்கு அவ்வளவு இல்லை. இரண்டும் ஒரே வேலைதானே?

ஒரே வேலைதான். தும்மலையும் அரிப்பையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருள் கலங்களில் போய் ஒட்டும் இடங்களை வாங்கிகள் என்பார்கள். அவற்றில் எச்1 என்று ஒரு வகை உண்டு. இரண்டு மருந்தும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு ஹிஸ்டமினை ஒட்ட விடாது. மூக்கில் அது நடந்தால் ஒழுகுவதும் தும்மலும் அடங்கும், தோலில் நடந்தால் அரிப்பு குறையும்.

ஆனால் மூளைக்கும் ஹிஸ்டமின் வேண்டும். நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறிய நரம்புக்கலக் கூட்டம், நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் அதை விட்டுக்கொண்டே இருக்கும். பிரிட்டோனில் உள்ள குளோர்பெனிரமின் அங்கேயும் போய் எச்1 வாங்கிகளை மூடிவிடுகிறது. செட்டிரிசின் அங்கே போவது மிகக் கொஞ்சம், குருதிக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள ஒரு தடுப்பு அதைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிடுகிறது. தூக்கம் வந்தால்தான் மருந்து பலமானது என்று நினைத்துப் பிரிட்டோனையே கேட்டு வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தூக்கத்துக்கும் மூக்கில் கிடைக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தத் தடுப்பு எங்கே இருக்கு? மூளையைச் சுற்றி ஒரு தோல் மாதிரியா?

இல்லை. மூளைக்குள் ஓடும் மிக மெல்லிய குருதி மயிர்க்குழாய்களின் சுவர்தான் அது. ஒரு மனிதரின் மூளையில் உள்ள இந்தக் குழாய்களை எல்லாம் நீட்டினால் ஏறக்குறைய 600 கிலோமீற்றர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அநேகமாக எந்த நரம்புக்கலத்துக்கும் மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு தூரத்துக்குள் ஒரு குழாய் இருக்கும். அதாவது மருந்து எப்போதும் வாசல்வரை வந்துவிடுகிறது. உள்ளே போவதுதான் பிரச்சினை.

தசையிலோ தோலிலோ இந்தக் குழாய்ச் சுவரின் கலங்களுக்கிடையே சிறு இடைவெளிகள் இருக்கும். குருதியில் கரைந்திருக்கும் சின்ன மூலக்கூறுகள் அதன் வழியே வெளியேறிவிடும். மூளையில் பக்கத்துப் பக்கத்துக் கலங்களைப் புரதங்கள் இறுக்கமாகத் தைத்து வைத்திருக்கின்றன. இடைவெளி என்று சொல்ல ஒன்றும் இல்லாததால், உள்ளே போக வேண்டிய எதுவும் கலத்தின் உடம்பைத் துளைத்தே போக வேண்டும்: ஒரு பக்க மென்சவ்வு, பிறகு கலத்தின் உட்பகுதி, பிறகு மறுபக்க மென்சவ்வு.

இதைக் கண்டுபிடித்த கதை நீளமானது. 1885இல் ஜேர்மனியில் போல் ஏர்லிக் விலங்குகளின் குருதியில் சாயம் ஏற்றிப் பார்த்தார். எல்லா உறுப்பும் நிறம் மாறியது, மூளை மட்டும் மாறவில்லை. மூளைக்கு அந்தச் சாயத்தைப் பிடித்து வைக்கும் தன்மை இல்லை என்றே அவர் நினைத்தார். அவரோடு வேலை செய்த கோல்ட்மன், 1913இல் சாயத்தை நேராக மூளைத் தண்டுவடத் திரவத்துக்குள் விட்டார். இம்முறை மூளை நிறம் மாறியது, மற்ற உறுப்புகள் மாறவில்லை. நடுவில் ஏதோ தடுக்கிறது என்பது தெளிவானது. அது குழாய்ச் சுவரின் கலங்கள்தான் என்று இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து உறுதிசெய்ய 1967 ஆகிவிட்டது.

சரி, எந்த மூலக்கூறு உள்ளே போகும் என்பதை எது தீர்மானிக்குது? சின்னதாக இருந்தால் போதுமா?

சின்னதாக இருப்பது உதவும், ஆனால் போதாது. மென்சவ்வு கொழுப்பால் ஆனது. தண்ணீரோடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறு, அந்தப் பிணைப்புகளை விட்டால்தான் கொழுப்புக்குள் நுழைய முடியும். ஐதரசன் பிணைப்பு ஏற்படுத்தும் இடங்கள் கூடக் கூட நுழைவது கடினமாகும். மின்னேற்றம் இருந்தால் இன்னும் கடினம்.

இதைக் கிட்டப்போய்ப் பார்க்க நல்ல உதாரணம் செட்டிரிசினே. ஹைட்ரொக்சிசின் என்று அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் ஒரு பழைய மருந்து இருக்கிறது. போட்டால் நல்ல தூக்கம் வரும். அதை விழுங்கியவரின் ஈரல், அந்த மூலக்கூறின் ஒரு நுனியில் உள்ள அற்ககோல் கூட்டத்தை ஒக்சியேற்றி அமிலக் கூட்டமாக மாற்றுகிறது. அப்படி உடலுக்குள் உண்டாகும் பொருள்தான் செட்டிரிசின். அதையே தனியாகத் தயாரித்துக் குளிசையாக விற்கிறார்கள். மூலக்கூறின் மற்ற உடம்பு அப்படியே இருக்க, மாறியது ஒரு நுனி மட்டும்.

அந்த நுனி என்ன செய்கிறது? குருதியில் அமிலக் கூட்டம் மறையேற்றம் பெறுகிறது, மூலக்கூறின் நடுவில் உள்ள நைதரசன் நேரேற்றம் பெறுகிறது. ஒரே மூலக்கூறில் இரண்டு ஏற்றமும். கொழுப்புச் சுவரைக் கடக்க அது மிகவும் தயங்கும். ஜப்பானில் தன்னார்வலர்களுக்குக் குளிசை கொடுத்து, மூளையில் எத்தனை எச்1 வாங்கிகள் மூடப்பட்டன என்று பெட் ஸ்கானில் அளந்திருக்கிறார்கள். ஹைட்ரொக்சிசின் 30 மில்லிகிராம் ஏறக்குறைய 68 வீதத்தை மூடியது. செட்டிரிசின் 10 மில்லிகிராம் மூடியது 13 வீதம் அளவில்தான்.

குளோர்பெனிரமினிலும் நேரேற்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. குருதியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மூலக்கூறு ஏற்றத்தோடுதான் இருக்கும். ஏற்றம் இல்லாத மிச்ச இரண்டு உள்ளே போய்விடும். அவை போனதும் வெளியே சமநிலை குலைந்து, இன்னும் இரண்டு தம் ஏற்றத்தை விட்டுவிடும், அவையும் போகும். நொடிக்குள் இது ஓயாமல் நடப்பதால் வீதம் குறைவாக இருப்பது பெரிய தடையாக இருப்பதில்லை. அமிலமும் காரமும் சேர்ந்த செட்டிரிசினுக்கு அந்த வசதி கிடைப்பது அரிது.

அப்படியென்றால் செட்டிரிசின் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடலாமா?

பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது, சிலருக்கு வரும். முதல் தடவை போடும்போது இரவில் போட்டுப் பாருங்கள். ஒன்று போதவில்லை என்று தாமாகவே இரண்டு போடுபவர்களுக்கு ஒரு விஷயம்: அதே ஸ்கான் ஆய்வில் 20 மில்லிகிராம் கொடுத்தபோது மூடப்பட்ட வாங்கிகள் 25 வீதமாகக் கூடின. அளவை இரட்டித்தால் மூளைக்குள் போவதும் இரட்டிக்கிறது. தினமும் வாகனம் ஓடுவதுதான் தொழில் என்பவர்களுக்கு நான் பெக்ஸோபெனடினைப் பற்றி டொக்டரிடம் கேட்கச் சொல்வேன். அதை இப்படி அளந்தபோது மூளையில் மூடியது கிட்டத்தட்டப் பூச்சியம்.

ஹெரோயினும் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மோர்ஃபினும் ஒன்றுதான் என்கிறார்களே. பிறகு ஏன் தூளுக்கு இவ்வளவு சீக்கிரம் அடிமையாகிறார்கள்?

பெரும் பகுதி வேகத்தில் இருக்கிறது. மோர்ஃபின் மூலக்கூறில் இரண்டு ஐதரொட்சில் கூட்டங்கள் உண்டு, இரண்டும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அவற்றில் ஒன்றை மெதைல் கூட்டத்தால் மூடினால் கோடீன். இரண்டையும் அசற்றைல் கூட்டத்தால் மூடினால் ஹெரோயின்.

1972இல் அமெரிக்காவில் ஓல்டன்டோர்ஃப் என்பவரின் குழு இதை எலிகளில் அளந்தது. கழுத்து நாடியில் மருந்தை ஒரே தள்ளில் ஏற்றி, 15 நொடியில் மூளையில் எவ்வளவு தங்கியது என்று பார்த்தார்கள். கோடீன் 24 வீதம், ஹெரோயின் 68 வீதம். மோர்ஃபின் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. ஹெரோயின் மோர்ஃபினை விடப் பெரிய மூலக்கூறு என்பதைக் கவனியுங்கள். பருமன் கூடியும் வேகம் இவ்வளவு ஏறியது, தண்ணீரைப் பிடிக்கும் இரண்டு இடமும் மூடப்பட்டதால்தான்.

உள்ளே போனதும் மூளையிலுள்ள நொதியங்கள் அந்த மூடிகளைக் கழற்றிவிடும். முதலில் ஒன்று கழன்று இடைப்பொருள் ஒன்று, பிறகு மோர்ஃபின். வாங்கிகளில் ஒட்டி வேலை செய்பவை பெரும்பாலும் இவைதான், ஹெரோயின் அல்ல. அதே மோர்ஃபின் ஊசியாகப் போகும்போது மூளையில் மெல்ல மெல்ல ஏறும், வலியை அடக்க அது போதும். சில நொடிகளில் உச்சத்துக்கு ஏறும்போதுதான் மூளை அதை வெகுமதியாகப் பதிந்துகொள்கிறது. புற்றுநோய் வலிக்கு மோர்ஃபின் எழுதிக் கொடுத்தால் "அம்மா அடிமையாகிவிடுவா" என்று மருந்தையே வாங்காமல் திரும்பிப் போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டொக்டர் சொன்ன அளவில் கொடுங்கள்.

வேகமாக உள்ளே போகிற மருந்து அதிக நேரம் உள்ளே இருக்கும்தானே?

அப்படி இல்லை. வலிப்புக்கு நாளத்தில் ஏற்றும் டயசிபாம் கொழுப்பில் நன்றாகக் கரையும், ஏற்றியவுடனேயே மூளையில் இருக்கும். அதே காரணத்தால் கொஞ்ச நேரத்தில் மூளையை விட்டு உடலின் தசைக்கும் கொழுப்புக்கும் பரவிவிடும். உடலை விட்டு முழுமையாகப் போக நாட்கள் எடுத்தாலும் வலிப்பை அடக்கும் பலன் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடலாம். லொராசிபாம் உள்ளே போக இன்னும் சில நிமிடம் எடுக்கும், ஆனால் அங்கே நீண்ட நேரம் நிற்கும்.

வயிற்றோட்டத்துக்குத் தருகிற லொபரமைட்டும் மோர்ஃபின் வகை என்று இணையத்தில் போட்டிருக்கே! அது ஏன் மயக்கம் தரவில்லை?

போட்டிருப்பது உண்மை. குடலிலுள்ள ஓபியொயிட் வாங்கிகளைப் பிடித்துத்தான் அது வயிற்றோட்டத்தை மந்தப்படுத்துகிறது. கொழுப்பிலும் நன்றாகக் கரையும். மேலே சொன்ன விதிப்படி பார்த்தால் மூளைக்குள் தாராளமாகப் போக வேண்டும்.

போகவும் செய்கிறது, ஆனால் உடனே வெளியே தள்ளப்படுகிறது. குழாய்ச் சுவர்க் கலத்தின் குருதிப் பக்க மென்சவ்வில் பி-கிளைக்கோபுரதம் என்று ஒரு பம்பு இருக்கிறது. மென்சவ்வுக்குள் வந்து சேரும் பலவகை மூலக்கூறுகளைப் பிடித்து, கலத்தின் சக்தியைச் செலவழித்து, திரும்பக் குருதிக்கே எறிந்துவிடும். லொபரமைட் அதற்கு நன்றாகப் பிடிபடும் மருந்து. வழக்கமான அளவில் மருந்து நுழையும் வேகத்தை விடப் பம்பு எறியும் வேகம் கூட.

இந்தப் பம்பு மூளைக்கு எவ்வளவு முக்கியம் என்பது 1994இல் நெதர்லாந்தில் ஒரு எதிர்பாராத சம்பவத்தால் தெரிந்தது. பம்புக்கான மரபணுவை நீக்கி வளர்த்த சுண்டெலிகள், பார்க்க எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தன. கூட்டில் உண்ணி வந்ததால் வழமைபோல ஐவர்மெக்டின் தெளித்தார்கள். மற்ற எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பம்பு இல்லாதவை செத்துப்போயின. அவற்றின் மூளையில் மருந்து ஏறக்குறைய 90 மடங்கு கூடுதலாக இருந்தது.

மனிதரிலும் இந்தப் பம்பை மந்தப்படுத்த முடியும். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் குயினிடினோடு லொபரமைட்டைச் சேர்த்துக் கொடுத்த ஒரு சோதனையில், லொபரமைட் மட்டும் கொடுத்தபோது வராத மூச்சு மந்தம் வந்தது. ஆகவே வேறு மருந்து எடுப்பவர்கள் இதைத் தாங்களாக வாங்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள். மூளைக்குப் போகாது என்பதற்காக அளவைக் கூட்டினால் இதயத் துடிப்புக் குழம்பி உயிருக்கே ஆபத்தாகலாம். 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். பகல் சாப்பாட்டோடு போடுகிற குளிசை மட்டும் சில நாளில் பிடிக்குது, சில நாளில் பிடிக்கேல்ல. மருந்து சரியில்லையோ?

மருந்து சரியாகத்தான் இருக்கும். சாப்பாட்டில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

இந்த நோயில் மூளையில் குறைவது டோபமின். அதையே குளிசையாகக் கொடுத்தால் பயனில்லை, அது தடுப்பைக் கடக்காது. அதனால் டோபமினுக்கு ஒரு படி முந்திய லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். இதுவும் கொழுப்பில் கரையாது. ஆனால் இது ஓர் அமினோ அமிலம். மூளைக்குப் புரதம் கட்ட அமினோ அமிலங்கள் தேவை என்பதால் தடுப்பின் சுவரிலேயே அவற்றை ஏற்றி உள்ளே இறக்கும் காவிப் புரதங்கள் உண்டு. லெவோடோபா அவற்றில் ஒன்றில் ஏறிக்கொள்கிறது.

கஷ்டம் இங்கேதான். அதே காவியில்தான் லியூசின், ஐசோலியூசின், பீனைல்அலனின் எல்லாம் ஏறுகின்றன. காலி வீதியில் காலை எட்டு மணிக்கு வரும் 100ஆம் இலக்க பஸ் மாதிரி, சாதாரண நேரத்திலேயே இருக்கைகள் கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். பெரிய மீன் துண்டும் பருப்பும் முட்டையும் சாப்பிட்டால் இந்த அமினோ அமிலங்கள் குருதியில் ஏறும். லெவோடோபாவுக்கு இடம் கிடைக்காது.

1984இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நோயாளிகளுக்கு லெவோடோபாவைச் சேலைன் மாதிரி நாளத்தில் சீராக ஏற்றினார்கள். குடலின் குறுக்கீடே இல்லை. அப்படியிருந்தும் புரதம் கூடிய சாப்பாடு கொடுத்ததும் உடல் மறுபடி இறுகியது. குருதியில் மருந்தின் அளவு குறையவில்லை! பீனைல்அலனினோ லியூசினோ தனியாகக் கொடுத்தபோதும் அதேதான் நடந்தது. வேறு காவியில் ஏறும் கிளைசினும் லைசினும் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை.

உங்கள் அப்பாவின் விஷயத்துக்கு வருவோம். பகல் 1 மணிக்குச் சோறும் மீனும், அதோடு குளிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து முதலில் நிறைந்த வயிற்றில் காத்திருக்கும். பிறகு சிறுகுடலில் அமினோ அமிலங்களோடு ஒரு போட்டி, மூளை வாசலில் இன்னொரு போட்டி. மரக்கறியோடு மட்டும் சாப்பிட்ட நாளில் இந்தப் போட்டி குறைவு, அன்றைக்குப் "பிடிக்கும்". குளிசையை 12.15க்கு வெறும் தண்ணீரோடு கொடுத்தால், மீன் வந்து சேரும் முன்பே பெரும்பகுதி உள்ளே போய்விடும். பால்தேநீரோடு கொடுக்க வேண்டாம், பாலிலும் புரதம் இருக்கிறது. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு கிறாக்கர் பிஸ்கட் போதும்.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்: குளிசை நேரம், சாப்பாடு, கை இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம். புரதம் கூடிய நாட்களில் மட்டும் பிசகினால் காரணம் இதுதான். எந்தச் சாப்பாட்டு நாளிலும் அடுத்த குளிசைக்கு முன்பே இறுகுகிறதென்றால் அது வேறு பிரச்சினை, கிளினிக்கில் அந்தத் தாளைக் காட்டுங்கள். மீனையும் முட்டையையும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், வயதானவர் மெலிந்துபோவார். சிலருக்கு டொக்டர்மார் புரதத்தின் பெரும்பகுதியை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடச் சொல்வார்கள்.

அந்தக் குளிசையில் கார்பிடோபா என்றும் போட்டிருக்கு. அது எதற்கு?

அது தடுப்பைக் கடக்க முடியாத மருந்து, கடக்காததால்தான் பயன். லெவோடோபா வழியிலேயே டோபமினாக மாறிவிட்டால் உள்ளே போக முடியாது, வெளியே நின்று குமட்டல் தரும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியத்தைக் கார்பிடோபா உடலில் தடுக்கிறது. மூளைக்குள் அது போவதில்லை என்பதால் அங்கே மாற்றம் வழமைபோல நடக்கும். இதைச் சேர்த்த பிறகு தேவைப்படும் லெவோடோபா நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது.

அப்பாவுக்கு வாந்தி வந்தபோது வீட்டில் இருந்த மெட்டோகுளோபிரமைட்டைக் கொடுக்க வேண்டாம் என்றீர்கள். டொம்பெரிடோன் கொடுக்கலாம் என்றால் இதை ஏன் கொடுக்கக் கூடாது?

இரண்டும் டோபமின் வாங்கியை மூடி வாந்தியை நிறுத்தும் மருந்துகள். வாந்தியைத் தூண்டும் இடம் மூளைத்தண்டில் இருந்தாலும், குருதியில் நஞ்சு இருக்கிறதா என்று சுவைபார்க்க வேண்டிய இடம் என்பதால் அங்கே தடுப்பு இறுக்கமாக இல்லை. டொம்பெரிடோனுக்கு அந்த இடம்வரை போனால் போதும். மற்ற இடங்களில் அதே பி-கிளைக்கோபுரதப் பம்பு அதை வெளியே வைத்திருக்கிறது.

மெட்டோகுளோபிரமைட் மூளை முழுக்கப் போகும். ஏற்கெனவே டோபமின் குறைந்தவருக்கு மிச்சமிருப்பதன் வேலையையும் தடுத்துவிடும். இளம் வயதினரில்கூடச் சிலருக்குக் கழுத்து ஒருபக்கம் இழுத்து, கண் மேலே சொருகி நிற்பது இதனால்தான். அப்படி ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி ஒன்றில் தெளியும். டொம்பெரிடோனும் பயமில்லாத மருந்தல்ல, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

நெற்றியில் தைலம் பூசினால் மூளைக்குள் குளிருதே, அது உள்ளே போகுதா?

குளிர்வது தோல். மென்தோல் தோலிலுள்ள குளிரை உணரும் நரம்பு நுனிகளைத் தூண்டிவிடுகிறது, மூளைக்கு வருவது அந்த நரம்புச் செய்தி மட்டும்.

மகனுக்கு மூளைக் காய்ச்சல். காய்ச்சல் விட்டு, எழும்பி இருந்து சாப்பிடுகிறான். ஏன் இன்னும் நாளத்தில் ஊசி? குளிசை எழுதித் தந்து வீட்டுக்கு விடலாமே?

பக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சியில் கொடுக்கும் பெனிசிலின் வகைகளும் செஃப்ட்ரையாக்ஸோனும் குருதியில் மறையேற்றம் பெறும் அமிலங்கள். ஆரோக்கியமான ஒருவரின் தடுப்பை அவை மிகக் கொஞ்சமாகவே கடக்கும். போதாததற்கு உள்ளே போன பெனிசிலினை வெளியேற்றும் காவிகளும் உண்டு. அழற்சி இருக்கும்போது கலங்களுக்கிடையிலான தையல் தளர்கிறது, வெளியேற்றமும் மந்தமாகிறது, மருந்து கூடுதலாக உள்ளே கசிகிறது.

பிள்ளை தேறும்போது அந்தத் தையல் திரும்ப இறுகும். அதாவது பிள்ளை நன்றாகத் தெரியத் தெரிய, குருதியில் உள்ள மருந்தில் உள்ளே போகும் பங்கு குறைந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் அளவைக் குறைத்தாலோ, குருதியில் அவ்வளவு ஏறாத குளிசைக்கு மாற்றினாலோ, உள்ளே மிஞ்சியிருக்கும் கிருமிக்குப் போதுமான மருந்து போய்ச் சேராது. அதனால் கடைசி நாள்வரை முழு அளவு, அதுவும் நாளத்தில். எத்தனை நாள் என்பது கிருமியைப் பொறுத்தது, அதை வார்ட்டில் கேளுங்கள்.